மேல்மாடிக் குழாயில் தண்ணீர் மெலிந்தால்: உயரமா, குழாயா, பம்ப்பா என்று கண்டறியும் முறை

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபம் ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டின் தரைத்தளத்திற்கு இருபது வயது ஆகிறது. மாடி கட்டி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. மாடியில் மகனும் மருமகளும் குடியேறிய முதல் வாரத்திலேயே குளியலறை ஷவரில் தண்ணீர் மெலிந்து வருகிறது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. "கீழே நான் பாத்திரம் கழுவ உட்கார்ந்தா மேலே புள்ளைக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வருதாம், தம்பி" என்று அக்கா தொலைபேசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயின் பெயர் பாதி இருந்தது. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. மாடி கட்டிக் கொடுத்தவர் தொட்டியை நான்கடி உயர்த்த வேண்டும் என்றார். பிளம்பர் பம்ப் வைத்தால் போதும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டையும் செய்து பார்க்கலாம் என்றார். கையில் அளவு நாடாவோ வாளியோ எடுத்தவர் ஒருவரும் இல்லை.

கட்டட மேற்பார்வை வேலையில் இருப்பதால் தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரை இதே குறையைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரை நம்பியிருக்கும், ஒரு மாடி உள்ள வீட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கண்டறியும் வேலை அரை நாள் பிடிக்கும். அதில் பெரும் பகுதி அளப்பதற்கே போகும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

தொட்டித் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம் மட்டுமே. தொட்டியின் கொள்ளளவு 500 லிட்டரா 2,000 லிட்டரா என்பது ஒரு பொருட்டே அல்ல. தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்திற்கும் குழாய் வாய்க்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்பதே கணக்கு. 10 மீட்டர் உயரம் இருந்தால் சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடிக் குளியலறை ஷவருக்குப் பெரும்பாலான வீடுகளில் கிடைப்பது ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் உயரம், அதாவது கால் கிலோவுக்கு மேற்படாத அழுத்தம். தரைத்தளத்துக் குழாய்க்கு இதைவிடப் பத்தடி கூடுதலாகக் கிடைப்பதால் கீழே உள்ளவர்களுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை.

ஆனால் இந்த உயரம் முழுவதும் குழாய் வாய் வரை வந்து சேர்வதில்லை. குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது தண்ணீர் நிற்கிறது, அப்போது உயரம் முழுமையாக இருக்கும். திறந்து ஓடத் தொடங்கியதும் குழாயின் உட்சுவரில் உரசியும் எல்போக்களில் திரும்பியும் வால்வுகளில் நெருங்கியும் உயரத்தின் ஒரு பகுதி வழியிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே மாடிக் குழாய் மெலிந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உயரமே போதாமல் இருக்கிறதா, அல்லது இருக்கும் உயரம் வழியில் தொலைகிறதா? முதலாவதற்கு மருந்து தொட்டியை உயர்த்துவதோ பம்ப்போ ஆகும். இரண்டாவதற்கு மருந்து குழாயின் அளவு. மாற்றி மருந்து கொடுத்தால் காசுதான் போகும்.

வாயிலிருந்து தொடங்குங்கள்

ஷவரின் முகத்தைக் கழற்றிப் பாருங்கள். நம் கடற்கரையில் காவிரி கூட்டுக் குடிநீர் சமையலுக்கும் குடிப்பதற்கும் போக, குளிக்கவும் துவைக்கவும் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறார்கள்; பல இடங்களில் அது உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஷவரின் துளைகளில் வெள்ளைப் படிவத்தை ஏற்றி, ஓராண்டுக்குள்ளேயே பாதித் துளைகளை அடைத்துவிடும். ஷவர் முகத்தை வினிகரில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் படிவம் உதிர்ந்துவிடும். வாஷ்பேசின் குழாயின் நுனியில் திருகியிருக்கும் சிறு சல்லடையையும், சுவரிலிருந்து வெளிவரும் ஆங்கிள் காக்கையும் அப்படியே பாருங்கள். ஆங்கிள் காக்கை யாராவது எப்போதோ பாதி மூடி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இந்த வேலைக்கு ஒரு ரூபாயும் ஆகாது என்பதாலேயே பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வாளியும் கடிகாரமும்

அடுத்து ஓட்டத்தை எண்ணாக்க வேண்டும். ஒரு வாளியில் ஒரு லிட்டர் பாட்டிலால் 15 முறை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் உட்புறம் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழ்த்தளக் குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது மாடி ஷவரை முழுதாகத் திறந்து, அந்தக் கோடு வரை நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு கீழே இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டு மீண்டும் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தொட்டி நிறைந்திருக்கும்போது கிடைக்கும் எண்ணும் அடிமட்டத்தில் இருக்கும்போது கிடைக்கும் எண்ணும் ஒன்றாக இருக்காது. 15 லிட்டர் நிரம்ப இரண்டு நிமிடத்துக்குள் ஆனால் சாதாரண ஷவரில் நிம்மதியாகக் குளிக்கலாம். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தலையில் உள்ள சோப்பு இறங்காது.

அக்கா வீட்டில் தொட்டி பாதி அளவில் இருந்தபோது அளந்தேன். கீழே எல்லாம் மூடியிருக்கையில் மாடி ஷவர் 15 லிட்டருக்கு மூன்று நிமிடம் எடுத்தது. ஷவர் முகத்தைக் கழுவி மாட்டிய பிறகு அது இரண்டேகால் நிமிடமாகக் குறைந்தது. கீழே சமையலறைக் குழாயையும் கொல்லைப்புறக் குழாயையும் ஒன்றாகத் திறந்ததும் ஷவர் நூலாக இளைத்துவிட்டது. வாளி நிரம்பும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கீழே அந்த இரண்டு குழாய்களும் ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்தில் 15 லிட்டரை நிரப்பிக்கொண்டிருந்தன, அதாவது இரண்டும் சேர்ந்து நிமிடத்திற்கு 20 லிட்டர். கீழே திறந்தால் மேலே நிற்கிறது என்பது உயரக் குறையின் அடையாளம் அல்ல. உயரம் மட்டுமே குறை என்றால், கீழே திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் மேலே ஒரே அளவாக மெலிந்துதான் வந்திருக்கும்.

அளவு நாடாவும் கொத்தனார் டியூப்பும்

நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக் குளியலறைத் தரையிலிருந்து மொட்டை மாடித் தளம் வரை அளந்தேன்: பத்தரை அடி. தொட்டி நிற்கும் செங்கல் மேடை ஒன்றரை அடி. ஆகத் தொட்டியின் அடிவாய் குளியலறைத் தரையிலிருந்து 12 அடியில் இருக்கிறது. ஷவரின் வாய் 7 அடியில் இருப்பதால், தொட்டி ஏறக்குறையக் காலியாகும் நேரத்திலும் 5 அடி, அதாவது ஒன்றரை மீட்டர் உயரம் மிச்சம் இருக்கிறது. அன்று தொட்டியில் அடிவாய்க்கு மேல் 2 அடித் தண்ணீர் நின்றது; எனவே ஷவருக்குக் கிடைக்க வேண்டியது 7 அடி. தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும் வாளிக் குழாய்க்கு இதைவிட நான்கரை அடி கூடுதல். ஒரே குளியலறையில் வாளிக் குழாய் நன்றாகவும் ஷவர் மந்தமாகவும் இருப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

இனிதான் முக்கியமான சோதனை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் நிறமற்ற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஷவர் முகத்தைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த, சுவரிலிருந்து நீளும் குழாயில் டியூப்பின் ஒரு முனையைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்குங்கள். மறுமுனையை வென்டிலேட்டர் வழியாக வெளியே எடுத்து, மொட்டை மாடியில் நிற்பவரின் கையில் கொடுத்து, தொட்டி உயரத்திற்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஷவர் வால்வை மெல்லத் திறந்தால் தண்ணீர் டியூப்பில் ஏறி, தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும் அதே மட்டத்தில் வந்து நிற்கும். நிற்காமல் ஓரடி ஈரடி கீழேயே தங்கிவிட்டால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். அதைப் பிறகு சொல்கிறேன். மட்டம் நின்றதும் ஸ்கெட்ச் பேனாவால் டியூப் மீது ஒரு கோடு போடுங்கள். இப்போது கீழ்த்தளத்தில் ஒரு குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு டியூப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

அக்கா வீட்டில் சமையலறைக் குழாயை மட்டும் திறந்ததும் டியூப்பில் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை அடி இறங்கி நின்றது. கொல்லைக் குழாயையும் சேர்த்துத் திறந்ததும், கோட்டிலிருந்து ஐந்தடிக்குச் சற்று மேலாகவே இறங்கிவிட்டது. அக்கா மகன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, யாரோ கீழிருந்து தண்ணீரை உறிஞ்சுவதுபோல் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷவருக்கு உரிய 7 அடியில் மிஞ்சியது இரண்டடிக்கும் குறைவு. தொட்டி அடிமட்டத்தில் இருக்கும் நேரமாக இருந்தால், இருக்கும் 5 அடியையும் அது விழுங்கியிருக்கும். ஷவர் அடியோடு நின்றிருக்கும். காலையில் தொட்டி இறங்கிய வேளையில் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

இந்தச் சோதனையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஓட்டம் இரண்டு மடங்கானபோது இழப்பு இரண்டு மடங்காகவில்லை, மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. உராய்வு அப்படித்தான் கூடும். ஒரு குழாய் திறந்திருக்கும்போது பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருப்பது இரண்டாவது குழாய் திறந்ததும் தாங்கமுடியாததாக ஆகிவிடுவது இதனால்தான்.

உயரம் எங்கே தொலைகிறது

தொட்டியிலிருந்து வரும் குழாய் மொட்டை மாடியில் எட்டு மீட்டர் ஓடி, கைப்பிடிச் சுவர் ஓரமாக இறங்கி, முதலில் T வடிவ இணைப்பான டீ வழியாக மாடிக் குளியலறைக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு அப்படியே கீழ்த்தளத்திற்குப் போகிறது. வால்வு, எல்போக்கள் ஆகியவற்றின் தடையையும் நீளமாக மாற்றிச் சேர்த்தால் அந்த டீ வரைக்கும் 14 மீட்டர் குழாய்க்குச் சமம். அது முழுவதும் முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய். முக்கால் இஞ்ச் என்று சொன்னாலும் அதன் உட்துளை 18 மில்லிமீட்டர்தான். நிமிடத்திற்கு 20 லிட்டர் அதில் ஓடினால் ஒவ்வொரு மீட்டருக்கும் 11 செண்டிமீட்டர் உயரம் தொலையும். 14 மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர். டியூப்பில் இறங்கிய ஐந்தடிக்கும் இந்தக் கணக்கிற்கும் வேறுபாடு இல்லை. இதே வழியில் ஒரு இஞ்ச் குழாய் இருந்திருந்தால் இழப்பு 45 செண்டிமீட்டருக்குள் அடங்கியிருக்கும். ஒன்றேகால் இஞ்ச் என்றால் 20 செண்டிமீட்டர்கூட இல்லை. ஒரே ஒரு அளவு ஏற்றினாலே இழப்பு நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. கால் இஞ்ச் கூட்டினால் என்ன பெரிதாகக் கூடிவிடப் போகிறது என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவது.

அரை இஞ்ச் குழாய் இன்னும் மோசம். அதன் உட்துளை பன்னிரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒரே ஓட்டத்திற்கு முக்கால் இஞ்ச் குழாயைப்போல ஆறு மடங்கு உயரத்தை அது தின்னும். சுவருக்குள் ஷவருக்குப் போகும் கடைசி நான்கைந்து மீட்டருக்கு அது போதும். டைல்ஸை உடைத்து அதை மாற்ற வேண்டியதில்லை. மொட்டை மாடியிலேயே அரை இஞ்ச் ஓடுகிறது என்றால் வேறு எதையும் சோதிக்காமல் அதை மாற்றிவிடலாம். பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. குழாய் இருந்தால் கணக்கே செல்லாது. உவர்நீரில் அதன் உட்புறம் துருவும் படிவமும் ஏறி, முக்கால் இஞ்ச் குழாயில் சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குத் துளை சுருங்கியதை ஏர்வாடிப் பக்கம் ஒரு வீட்டில் அறுத்தெடுத்துப் பார்த்திருக்கிறேன்.

தொட்டியின் வாயையும் பாருங்கள். அடியில் ஒரு இஞ்ச் நிப்பிள் போட்டுவிட்டு, அடுத்த விரற்கடையிலேயே குழாய் அளவைக் குறைக்கும் ரெடியூசர் வைத்து முக்கால் இஞ்ச் பால் வால்வைப் பொருத்தியிருப்பார்கள். விலை மலிந்த பால் வால்வுகள் சிலவற்றின் உள்ளே இருக்கும் உருண்டையின் துளை, குழாயின் துளையைவிடச் சிறியது. கடையில் வாங்கும்போது வால்வைத் திறந்து கண்ணருகே பிடித்து, மறுபக்க வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாடிக்குத் தனி வழி

அக்கா வீட்டில் நான் செய்யச் சொன்னது மாடிக்குத் தனிக் குழாய். பழைய முக்கால் இஞ்ச் குழாயைக் கீழ்த்தளத்திற்கே விட்டுவிட்டோம்; கீழே உயரம் மிகுதியாக இருப்பதால் அவர்களுக்கு அது போதும். தொட்டியின் அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், தட்டையான இடமாகப் பார்த்து, ஹோல்-சா பிளேடால் இரண்டாவது துளை போட்டோம். வண்டல் அடியில் தங்குவதால் அதற்குக் கீழே துளை போடக்கூடாது. இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து ஒரு இஞ்ச் நிப்பிளை இறுக்கி, முழுத் துளையுள்ள ஒரு இஞ்ச் பால் வால்வைப் பொருத்தினோம்.

வால்வைத் தாண்டியதும் ஒரு டீ போட்டு, அதிலிருந்து அரை இஞ்ச் குழாய் ஒன்றைச் செங்குத்தாக, தொட்டியின் மேல்மூடியைவிட ஓரடி உயரத்திற்கு ஏற்றி, நுனியை வளைத்துக் கொசுவலைத் துண்டு கட்டினோம். இது காற்றுக் குழாய். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடிக் குழாய் சூடாகித் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து குமிழாகச் சேரும். தொட்டி ஒருமுறை காலியாகி நிரம்பினாலும் காற்று உள்ளே நின்றுவிடும். பம்ப் விசையில் ஓடும் தண்ணீர் இந்தக் குமிழைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஆனால் ஐந்தடி உயரத்தில் ஓடும் தண்ணீருக்கு அந்த வலு கிடையாது. இதே காரணத்திற்காகக் குழாய் தொட்டியிலிருந்து இறங்கும் இடம் வரை எங்கும் மேடேறாமல், மீட்டருக்கு அரைச் செண்டிமீட்டராவது சரிந்தபடியே போக வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலைமேல் ஏறி இறங்கும் குழாய் எந்த வீட்டில் இருந்தாலும் அங்கே காற்று அடைப்பு உண்டு. சுவரில் துளையிட்டு ஊடே கொண்டுபோவதுதான் முறை.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது ஒட்டும் இடத்தில். குழாயைச் செங்கோணமாக அறுத்து, உள்விளிம்பின் பிசிறைக் கத்தியால் வழித்துவிட வேண்டும். சொல்யூஷனைக் குழாயின் வெளிப்புறம் நன்றாகவும் ஃபிட்டிங்கின் உட்புறம் மெலிதாகவும் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிட்டிங்கினுள் அளவுக்கு மீறிப் பூசினால் அது உள்ளே தள்ளப்பட்டு, வளையமாக உறைந்து துளையைக் குறைக்கும். பெரிய குழாய் வாங்கிய பயன் அதில் பாதி போய்விடும். ஓரிரவு காயவிட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு, குழாய் முழுவதற்கும் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். பெயிண்ட் பூசாத குழாயை வெயில் சில ஆண்டுகளிலேயே நொறுங்கச் செய்துவிடும்.

இதன் பிறகு அதே வாளியை வைத்தோம். தொட்டி பாதி இருந்தபோது ஷவர் 15 லிட்டரை இரண்டு நிமிடத்தில் நிரப்பியது. கீழே இரண்டு குழாய்களைத் திறந்தபோதும் அதே இரண்டு நிமிடம்தான். எண்ணைப் பார்த்தால் இரண்டேகால் இரண்டாகியிருக்கிறது, அவ்வளவுதான்; ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியிருந்தது வேகம் அல்ல, நடுவில் நிற்காத தண்ணீர்.

தொட்டியை எப்போது உயர்த்துவது

நாடாவில் அளந்த உயரம் நான்கடிக்கும் குறைவாக இருந்து, கீழே எல்லாம் மூடியிருக்கும்போதே ஷவர் மெலிந்து வந்தால் தொட்டியை உயர்த்தலாம். தொட்டி நேரே மாடித் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இதற்கு நல்ல பயன் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்: உயரத்தை இரண்டு மடங்காக்கினால் ஓட்டம் இரண்டு மடங்காகாது, ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகும். அக்கா வீட்டில் கட்டியவர் சொன்னபடி நான்கடி உயர்த்தியிருந்தால், கீழே இரண்டு குழாய் திறந்தவுடன் அந்த நான்கடியும் ஐந்தடி இழப்பிலேயே கரைந்திருக்கும்.

1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் அதன் தண்ணீர் மட்டும் ஒரு டன் எடை. அதைத் தளத்தின் நடுவில், கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் நான்கு கால்களின் மேல் நிறுத்தக்கூடாது. கீழே தூணோ உத்தரமோ சுமைதாங்கும் சுவரோ வரும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். மூன்றடிக்கு மேல் உயர்த்துவதானால் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டை நம் கடற்கரையில் நான் பரிந்துரைப்பதில்லை. பெயிண்டுக்கு அடியில் துரு ஏறி, வெல்டிங் செய்த இடங்கள்தான் முதலில் விடும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. செங்கல் அல்லது கான்கிரீட் தூண்களின் மேல் ஒரே பலகையாகக் கான்கிரீட் தளம் வார்த்து, பிளாஸ்டிக் தொட்டியின் அடி முழுவதும் அதில் படியும்படி வைக்க வேண்டும்.

காற்றையும் மறக்கக்கூடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். இருந்தும் காலித் தொட்டி கட்டப்படாமல் உயரத்தில் நிற்பதை எத்தனையோ மாடிகளில் பார்க்கிறேன். நிறைந்த தொட்டியைக் காற்று அசைக்காது, காலித் தொட்டியை ஓர் ஆளே தூக்கிவிடலாம். மேடையில் நான்கு கொக்கிகளைப் பதித்து, மீன்பிடி வல்லத்துக்கு வாங்கும் தடித்த நைலான் கயிற்றால் குறுக்குமறுக்காகக் கட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கரண்ட் போவதற்கு முன் தொட்டியை நிரப்பி வையுங்கள்.

பம்ப் தேவைப்படும் இடம்

குழாயைச் சரிசெய்து, தொட்டியையும் முடிந்த அளவு உயர்த்திய பிறகும் எட்டாத தேவைகள் சில உண்டு. அகன்ற மழை ஷவர், சுவருக்குள் பதித்து, தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்டர், சில வகை வாஷிங் மெஷின்கள், உடனடி கெய்சர் ஆகியவற்றின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஒரு எண் போட்டிருக்கும். அது அரைக் கிலோ என்று இருந்தால் 5 மீட்டர் உயரம் வேண்டும், அதாவது ஷவர் வாயிலிருந்து பதினாறரை அடி. அந்த உயரத்தில் தொட்டி வைப்பது வீட்டின் மேல் இன்னொரு மாடி கட்டுவதற்குச் சமம். இங்கே பம்ப்தான் வழி.

ஒரு குளியலறைக்குக் குழாயோடு இணைத்துப் பொருத்தும் சிறிய பூஸ்டர் பம்ப் போதும். நூறு வாட் அளவில் மின்சாரம் எடுத்து 8 முதல் 10 மீட்டர் வரை கூடுதல் உயரம் தருபவை கிடைக்கின்றன. பெட்டியின் மேல் போட்டிருக்கும் அதிகபட்ச உயரம், தண்ணீர் ஓடாதபோது கிடைப்பது. அதிகபட்ச ஓட்டம், எதிர்ப்பே இல்லாதபோது கிடைப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உங்களுக்குக் கிடைப்பது இரண்டிற்கும் நடுவில் எங்கோ இருக்கும். இவ்வகை பம்ப்புகள் தண்ணீர் ஓடுவதை உணர்ந்துதான் தானாக இயங்கும்; நிமிடத்திற்கு ஓரிரு லிட்டராவது தானாக ஓடாவிட்டால் அவை விழித்துக்கொள்ளாது. அடைந்த ஷவரில், காற்று நின்ற குழாயில் பம்ப்பைப் பொருத்திவிட்டு அது ஓடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. பல குளியலறைகள் உள்ள பெரிய வீடுகளுக்கு அழுத்தத் தொட்டியோடு வரும் பிரஷர் பம்ப் பொருந்தும். ஆனால் ஏதாவது ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் அது இரவு முழுவதும் நின்று நின்று ஓடும். யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் பம்ப் சத்தம் கேட்டால் கசிவைத் தேடுங்கள்.

பம்ப்பைத் தொட்டியின் அடிவாயைவிடத் தாழ்வாக, அதன் அருகிலேயே வைக்க வேண்டும். தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாய் ஒரு இஞ்சுக்குக் குறையக்கூடாது. மாடிக்குப் போகும் தனி வழியில் மட்டும் பொருத்துங்கள், கீழ்த்தளத்தை அதில் சேர்க்க வேண்டாம். பம்ப்பைச் சுற்றிக்கொண்டு போகும் பக்க வழி ஒன்றில் நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால், கரண்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் அதன் வழியே பழையபடி இறங்கும். பம்ப் ஓடும்போது தள்ளிய தண்ணீர் திரும்பித் தொட்டிக்கே சுற்றாமல் அதே வால்வு தடுத்துவிடும். அம்புக்குறி ஷவர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பம்ப்பின் இருபுறமும் யூனியன் போடுங்கள். நம் தண்ணீரில் எப்படியும் ஒருநாள் கழற்றிப் படிவத்தைத் துடைக்க வேண்டி வரும். வார்ப்பிரும்பு உடல் உவர்நீரில் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும் என்பதால் பித்தளை அல்லது எவர்சில்வர் உடலாகப் பார்த்து வாங்குங்கள். மேலே கூரைபோல் ஒரு மூடி, முறையான எர்த், அந்த இணைப்பிற்கு மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஓர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாமல் குளியலறைத் தண்ணீரில் தொடர்புள்ள எந்த மோட்டாரையும் ஓட்டாதீர்கள். தொட்டி காலியானால் பம்ப்பை நிறுத்தும் மிதவை சுவிட்சும் வேண்டும், இல்லையென்றால் ஒரே நாளில் சீல் எரிந்துவிடும்.

காவிரித் தண்ணீர் வரும் தெருக்குழாய் இணைப்பில் எந்தப் பம்ப்பையும் நேரடியாகப் பொருத்தக்கூடாது. உள்ளாட்சி விதிகளுக்கு மாறானது என்பதும், கண்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள் என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். குழாயில் தண்ணீர் குறையும்போது உறிஞ்சினால் இணைப்புகளின் விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீர் தானாகச் சம்புக்கு வந்து விழ வேண்டும். அங்கிருந்து மேலே ஏற்றுவதுதான் உங்கள் மோட்டாரின் வேலை.

பம்ப் வைத்த முதல் வாரத்தில் கெய்சருக்கும் வாஷ்பேசினுக்கும் போகும் வளையும் பிளாஸ்டிக் இணைப்புக் குழாய்களைத் தினமும் ஒருமுறை தடவிப் பாருங்கள். கால் கிலோ அழுத்தத்தில் பல ஆண்டுகள் கசியாமல் இருந்தவை ஒரு கிலோவில் முதலில் வியர்க்கும், பிறகு வெடிக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ராமநாதபுரமோ மதுரையோ கிளம்பும்போது பம்ப்பின் சுவிட்சை அணைத்து, மாடி வழியின் பால் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.